கத்தி வைக்கும் கணக்கு

வால்பாறைப் பக்கமோ கோத்தகிரிப் பக்கமோ போகும்போது, பல வருடமாகக் கை படாமல் கிடக்கும் தேயிலைக் காடு ஒன்று கண்ணில் பட்டால் கொஞ்சம் நின்று பாருங்கள். பாய் விரித்தது போன்ற பச்சை அங்கே இருக்காது. ஆளுயரத்தைத் தாண்டிய கிளைகள், அவற்றில் வெள்ளைப் பூக்கள், காய்கள், அடியில் இருட்டு. தேயிலை உண்மையில் மரம். அசாம் வகையை அதன் போக்கில் விட்டால் ஓட்டு வீட்டின் கூரையைத் தாண்டி வளரும். அதை இடுப்பளவில் நிறுத்தி, பூக்கவும் காய்க்கவும் விடாமல், ஐம்பது அறுபது வருடம் இளந்தளிர் மட்டுமே கொடுக்க வைப்பது கத்திதான்.

காப்பிக்கும் ரப்பருக்கும் இதே கதைதான். தேயிலையில் கத்தி கிளையில் விழுகிறது, ரப்பரில் பட்டையில் விழுகிறது, காப்பியிலோ செடியில் பாதியும் அதற்கு மேலே நிற்கும் நிழல் மரத்தில் பாதியும் விழுகிறது. தோட்டப்பயிர்ப் பாடத்தில் மண், உரம், நாற்றங்கால், பூச்சிமருந்து என்று தலைப்புகள் நிறைய உண்டு. உரத்தில் தவறினால் ஒரு வருட மகசூல் போகும், அடுத்த வருடம் சரிசெய்துகொள்ளலாம். கத்தியில் தவறினால் அது பத்து வருடத்துக்கு அந்தச் செடியின் உடம்பிலேயே எழுதப்பட்டிருக்கும். ஆகவே இந்தக் கட்டுரை முழுவதும் கத்தியைப் பற்றியதுதான்.

தேயிலையிலிருந்து தொடங்கலாம். கொழுந்து எடுப்பதே ஒரு சிறு வெட்டுதான். ஒரு கொழுந்தைக் கிள்ளியதும் அதற்குக் கீழே உள்ள இலைக்கக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த மொட்டு விழிக்கிறது. சில வாரங்களில் அது அடுத்த கொழுந்தாகிறது. எப்போது திரும்பி வந்து எடுப்பது என்பதை இலை விரியும் வேகம் முடிவு செய்யும். நல்ல மழைக்காலத்தில் ஒரு காட்டில் ஒரு புது இலை விரிய ஐந்து நாள் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். இன்று பறிக்கும்போது சிறியது என்று விட்டுவந்த தளிரில் ஓர் இலையும் மொட்டும் இருக்கின்றன. பத்து நாள் கழித்து வந்தால் அதில் மூன்று இலை, ஒரு மொட்டு. மூன்றும் இன்னும் இளசு. பதினைந்து நாள் கழித்து வந்தால் நான்கு இலை. அடியிலுள்ளது முற்றி, காம்பு நாராகியிருக்கும். எடை கூடும், தரம் இறங்கும். இதைத் தெரிந்துகொள்ளப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். எடை போடும் இடத்தில் ஒரு கூடையிலிருந்து ஒரு கை அள்ளி, ஒரு சாக்கின் மேல் பரப்பி, இளசை ஒரு பக்கமும் முற்றியதை ஒரு பக்கமும் பிரித்தால் சுற்று நாள் நீண்டுவிட்டதா என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். கொழுந்தைக் கையில் மடக்கிப் பார்ப்பதும் உண்டு: வளையாமல் ஒடிந்தால் இளசு.

இதில் எடுக்கக் கூடாதது ஒன்று இருக்கிறது. பறிக்கும் மட்டத்துக்குக் கீழே கரும்பச்சையாக நிற்கும் முதிர்ந்த இலைகள்தான் செடிக்குச் சோறு சமைப்பவை. கையால் பறிப்பவர் கொழுந்தை மட்டும் கிள்ளுவார். அந்த இலைகள் தப்பிக்கும். இப்போது ஆள் பற்றாக்குறையில் பல தோட்டங்களில் கத்தரி வந்துவிட்டது. கத்தரி முற்றியது எது, இளசு எது என்று பார்க்காது. கத்தரி வேண்டாம் என்று இன்றைக்குச் சொல்வது வீம்பு. பறிக்க வருகிறவர்களில் பலர் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வர வேண்டிய நிலையில், அதை நம்பித்தான் தோட்டம் நடக்கிறது. ஆனால் கத்தரியின் அடியில் ஒரு தட்டைப் பொருத்தி வெட்டும் மட்டத்தைச் சற்றே உயர்த்திக்கொண்டால், ஒவ்வொரு சுற்றிலும் செடிக்குக் கொஞ்சம் இலை மிஞ்சும். தட்டில்லாமல் ஒரே மட்டத்தில் சுற்றுக்குச் சுற்று வழித்தால், வருடம் திரும்புவதற்குள் பச்சைக்கு நடுவே குச்சிகள் தெரியத் தொடங்கும். அந்தக் காட்டுக்கு உரம் கூட்டிப் போட்டுப் பயனில்லை, அதைச் சாப்பாடாக மாற்ற இலையே இல்லை.

என்னதான் ஒழுங்காகப் பறித்தாலும் வருடத்துக்கு வருடம் மட்டம் உயர்ந்துகொண்டே போகும். இடுப்பளவில் தொடங்கியது மார்பளவுக்கு வந்துவிடும். அதோடு, பறித்துப் பறித்து நுனிக் கிளைகள் குச்சிகுச்சியாக நெருங்கி, முடிச்சு விழுந்து, அவற்றிலிருந்து வரும் தளிர்கள் இரண்டு இலையோடு உறங்கிப் போகும், மொட்டே இருக்காது. பறிக்கும் கூடையில் மொட்டில்லாத கொழுந்து பெருகுவதுதான் அந்தக் காடு 'கவ்வாத்து கேட்கிறது' என்பதற்கு அடையாளம். தென்னிந்தியாவில் பொதுவாக நான்கு முதல் ஆறு வருடத்துக்கு ஒருமுறை கவ்வாத்து செய்கிறார்கள். உயரம் கூடக் கூட வளர்ச்சி மெதுவாகும், இடைவெளியும் நீளும். இருபது ஹெக்டேர் தோட்டத்தில் நான்கு வருடச் சுழற்சி என்றால் வருடத்துக்கு ஐந்து ஹெக்டேர் வீதம் வெட்டி, மீதிப் பதினைந்தில் பறிப்பார்கள். பேக்டரிக்குக் கொழுந்து அறுபடாது. இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் நீலகிரி சிறு விவசாயிக்குத்தான் சங்கடம். வெட்டினால் மூன்று நான்கு மாதம் அந்த இடத்திலிருந்து பைசா வராது. அதனால் தள்ளிப்போட்டுக்கொண்டே போவார். அவரும் அரை ஏக்கர் அரை ஏக்கராகப் பிரித்து வெட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

எந்த உயரத்தில் வெட்டுவது? தரையிலிருந்து அறுபது சென்டிமீட்டருக்குச் சற்று மேலே வெட்டுவது லேசான கவ்வாத்து. நாற்பத்தைந்திலிருந்து அறுபதுக்குள் என்றால் நடுத்தரம். அதற்கும் கீழே முப்பது வரை இறங்கினால் கடும் கவ்வாத்து. முப்பதுக்குக் கீழே போவது, தண்டே நோயில் அரித்துப்போன கிழட்டுச் செடியைப் புதுப்பிப்பதற்காக. எல்லாச் செடிக்கும் ஒரே அளவு கோல் பிடிப்பது பார்க்க அழகாக இருக்கும், ஆனால் செடியில் வெள்ளையாகவோ பழுப்பாகவோ உளுத்த கட்டை தெரிந்தால், கோலைப் பார்க்காமல் நல்ல கட்டை வரும்வரை கீழே இறங்கி வெட்டத்தான் வேண்டும். வெட்டுவாய் சாய்வாகவும் வழவழப்பாகவும் இருக்க வேண்டும். மொட்டைக் கத்தியில் கட்டை பிளந்துபோனால், பிளவில் மழைநீர் தங்கி அங்கிருந்தே உளுப்பு இறங்கும். நன்றாகக் கவ்வாத்து வெட்டுகிறவர் அரைமணிக்கு ஒருமுறை கத்தியைத் தீட்டுவார். தீட்டாதவர் செடி எண்ணிக்கையில் முந்துவார். அவருடைய நிரையை மறுநாள் நடந்து பார்த்தால் நார் நாராகத் தொங்கும்.

இங்கேதான் தோட்டத்துக்கு வெளியே அதிகம் பேசப்படாத ஒரு சங்கதி வருகிறது. கவ்வாத்து வெட்டியதும் செடியில் இலை இல்லை. இலை இல்லையென்றால் சாப்பாடு தயாரிக்க வழியில்லை. பிறகு எதைக் கொண்டு புதுத்தளிர் விடுகிறது? வேரில் சேர்த்து வைத்த மாவுச்சத்தைக் கொண்டு. அந்தச் சேமிப்பு போதுமான அளவு இல்லாத நேரத்தில் வெட்டினால், செடி சில தளிர்களை நீட்டிப் பார்க்கும், பிறகு கிளை கிளையாகக் காயும், கடைசியில் செத்தே போகும். விதைநெல்லைக் குத்திச் சாப்பிட்டவனின் அடுத்த போகம் போலத்தான்.

சேமிப்பு இருக்கிறதா என்று பார்ப்பது எளிது. வெட்டப் போகும் காட்டில் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில செடிகளைத் தேர்ந்து, பக்கவாட்டில் தோண்டிப் பென்சில் பருமன் வேர் ஒன்றை எடுக்க வேண்டும். மண்ணைக் கழுவி, கத்தியால் குறுக்கே சீராக வெட்டி, வெட்டுமுகத்தை அயோடின் கரைசலில் தோய்த்து, ஓரிரு நிமிடம் கழித்துத் தண்ணீரில் அலச வேண்டும். மாவுச்சத்து நிறைந்திருந்தால் வெட்டுமுகம் முழுவதும் கருநீலமாகிவிடும். பள்ளிக்கூடத்தில் சோற்றுப்பருக்கையில் அயோடின் விட்டுப் பார்த்த அதே சோதனைதான். சேமிப்பு அரைகுறை என்றால் ஆங்காங்கே நீலக்கோடுகள் மட்டும் தெரியும். ஒன்றுமே இல்லையென்றால் அயோடினின் சொந்தப் பழுப்பு நிறம் அப்படியே நிற்கும். பழுப்பு வந்தால் கத்தியை உறையில் போட்டுவிட்டு, அந்தக் காட்டில் கொழுந்து எடுப்பதை நிறுத்திச் செடிக்கு ஒன்றரை மாதம் ஓய்வு கொடுக்க வேண்டும். பறிக்காமல் விட்ட தளிர்கள் முற்றி இலையாகிச் சமைத்ததெல்லாம் வேருக்கு இறங்கும். பிறகு திரும்பச் சோதித்து வெட்டலாம். சமவெளியை நெருங்கிய தாழ்நிலத் தோட்டங்களில் சூடு அதிகம். செடி தன் சேமிப்பை மூச்சுவிட்டே தீர்த்துவிடுவதால் அங்கே இந்தச் சோதனை இன்னும் அவசியம். ஒன்றரை மாதக் கொழுந்தை விட்டுக்கொடுக்க மனம் வராமல் வெட்டிய காடுகளில்தான் அடுத்த வருடம் காலியிடம் நிரப்ப நாற்றுத் தேடுகிறார்கள்.

வெட்டும் மாதத்தைத் தேர்ந்தெடுப்பதில் இரண்டு பக்கமும் இடி. ஜனவரியிலிருந்து மார்ச் வரை வறட்சி. நீலகிரி உச்சியில் உறைபனியும் சேரும். வெட்டுண்டு நிர்வாணமாக நிற்கும் கட்டையின் மேல் நேர்வெயில் பட்டால் பட்டை வெந்து, பின்னால் அந்த இடம் உளுக்கும். அதற்காகத்தான் வெட்டிய தழையையே செடியின் மேல் போட்டு மூடுவதும், பெரிய வெட்டுவாய்களில் தாமிர மருந்தைப் பூசுவதும். கட்டைகளை விறகுக்கு எடுத்துப்போகலாம், தழை காட்டில்தான் கிடக்க வேண்டும். அது நிழல், பிறகு எரு. சரி, வறட்சி போகட்டும் என்று ஏப்ரல், மே மாதத்தில் வெட்டினால், புதுத்தளிர் வரும் நேரமும் தென்மேற்குப் பருவமழையும் ஒன்றாக வந்து சேரும். அப்போது கொப்புள நோய் காத்திருக்கும். தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் 1946இல் வந்து சேர்ந்த இந்தப் பூஞ்சை இளந்தளிரை மட்டும்தான் தாக்கும். இலையில் முதலில் எண்ணெய்ப் பொட்டுப் போல ஒளி ஊடுருவும் புள்ளி. சில நாளில் மேற்புறம் குழிந்து அடிப்புறம் உப்பி, வெல்வெட் மாதிரி வெள்ளைப் பொடி பூக்கும். அந்தப் பொடிதான் அடுத்த செடிக்குப் பறக்கும் வித்து.

பறித்துக்கொண்டிருக்கும் காட்டில் இந்த நோய் ஓரளவு தானாகவே மட்டுப்படும். கொப்புளம் பழுத்து வித்து விடுவதற்குள் ஏழு, பத்து நாள் சுற்றில் அந்தக் கொழுந்தையே எடுத்துக்கொண்டு போய்விடுகிறோம். கவ்வாத்து வெட்டிய காட்டில் யாரும் பறிக்க மாட்டார்கள். அங்கே நோய் தன் சுற்றை நிம்மதியாக முடிக்கிறது. தளிர் கருகி, தண்டு ஒடிந்து, வேரில் சேமித்ததைச் செலவழித்து வந்த வளர்ச்சி வீணாகிறது. அதனால் மழையில் தளிர்க்கும் கவ்வாத்துக் காட்டுக்கு நான்கைந்து நாளுக்கு ஒருமுறை காப்பர் ஆக்சிகுளோரைடு தெளிப்பது கட்டாயம். ஆகஸ்ட், செப்டம்பரில் மழை சற்று ஓய்ந்த பிறகு வெட்டுவது இந்தச் செலவைக் குறைக்கும். ஆனால் வறட்சி வருவதற்குள் செடி இலை போர்த்திக்கொள்ள வேண்டும் என்ற அவசரம் கூடும். லேசான கவ்வாத்துக்கு இந்த மாதங்கள் போதும். ஆழமாக வெட்டிய செடி தேற அதிக நாள் வேண்டும் என்பதால் அதை ஏப்ரல், மே என்று முன்தள்ளுவதே வழக்கம்.

தளிர் வந்துவிட்டால் ஆசை வரும். இவ்வளவு நாள் காசில்லாமல் இருந்தோமே, எடுத்துவிடலாமா என்று. வெட்டுவாய்க்கு மேலே சில அடுக்கு இலை நிரந்தரமாக நிற்கும்படி விட்டு, அதற்கு மேல் வருவதைத்தான் கோல் வைத்துச் சமமட்டமாகக் கிள்ள வேண்டும். எத்தனை இலை என்பது கவ்வாத்தின் ஆழத்தைப் பொறுத்தது. ஆழமாக வெட்டியிருந்தால் கூடுதல். அந்த அடுக்குத்தான் அடுத்த நான்கு வருடத்துக்கும் செடியின் அடுப்படி.

காப்பியில் கதை மாறுகிறது. அங்கே எடுப்பது தளிரை அல்ல, பழத்தை. காப்பிக் கிளையில் ஒரு கணு ஒருமுறை காய்த்தால் அதோடு சரி. அதே கணு மறுபடி காய்க்காது. போன வருடம் வளர்ந்த கம்பில்தான் இந்த வருடம் பூ. ஆகவே ஏற்காட்டிலோ தாண்டிக்குடியிலோ அறுவடை முடிந்தவுடன் கத்தியோடு செடிக்குள் நுழைகிறவர், இந்த வருடப் பழத்துக்காக வெட்டுவதில்லை. அடுத்த வருடம் காய்க்கப்போகும் கம்பு இந்த வருடம் வளர இடம் செய்துகொடுக்கிறார். காய்த்து ஓய்ந்த நீளக் கம்பு, காய்ந்தது, ஒன்றன்மேல் ஒன்று ஏறியது, தரையைத் தொடுவது, இவை போகும். நடுத்தண்டைச் சுற்றி ஒரு சாண் அளவுக்கு வெளிச்சமும் காற்றும் புகும்படி உள்ளே சுத்தமாக்குவார்கள். தண்டிலிருந்து நேர்க்குத்தாகக் கிளம்பும் பக்கக்கன்றுகளைச் சிறிதாக இருக்கும்போதே கையால் ஒடித்துவிட வேண்டும். அவை காய்க்காது, சாப்பாட்டை மட்டும் பங்கு கேட்கும். செடியின் உச்சியையும் கிள்ளி, பழம் பறிப்பவரின் கைக்கு எட்டும் உயரத்தில் நிறுத்துவார்கள்.

இதைவிட நுட்பமான வெட்டு தலைக்கு மேலே நடக்கிறது. நம் காப்பி நிழலில் வளர்வது. கீழ்த்தட்டில் கல்யாண முருங்கை, மேல்தட்டில் சில்வர் ஓக், பலா, அத்தி வகைகள். மழைக்காலத்தில் நிழல் அதிகமானால் ஈரம் தங்கி இலைத்துரு பெருகும், பூமொட்டு குறையும். 1869இல் இலங்கையில் தலைகாட்டி அந்தத் தீவின் காப்பித் தோட்டங்களையே அடியோடு அழித்து, அங்கே தேயிலைக்கு வழிவிட்டது இந்தத் துருதான். சரி, நிழலைக் குறைத்துவிடலாம் என்றால் அராபிகாவுக்கு வேறொரு எதிரி: வெள்ளைத் தண்டுத் துளைப்பான். அதன் வண்டு முட்டையிட வெயில் படும் தண்டைத் தேடும். ஏப்ரல், மே மாதங்களில் ஒருமுறையும், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை இன்னொருமுறையும் வெளியே வந்து பறக்கும். பட்டைச் சிம்புகளுக்கு அடியில் முட்டை, பிறகு புழு தண்டுக்குள் நுழைந்து பல மாதம் குடைந்துகொண்டே கிடக்கும். உள்ளே போய்விட்டால் எந்த மருந்தும் எட்டாது.

ஆகையால் நிழல் மரத்தைக் கழிக்கிறவர் இரண்டு பூதங்களுக்கு நடுவே நடக்கிறார். பருவமழைக்கு முன் கீழ்த்தட்டுக் கிளைகளைக் கழித்து வெளிச்சம் விடலாம். ஆனால் வண்டு பறக்கும் நாட்களில் தண்டின் மேல் வெயில் பட்டை பட்டையாக விழுகிற அளவுக்குத் திறந்துவிடக் கூடாது. நடுப்பகலில் தோட்டத்துக்குள் நின்று தண்டுகளைப் பார்த்தாலே தெரியும்: வெயில் பொட்டுப் பொட்டாக விழுந்து நகர்ந்துகொண்டிருந்தால் சரி, ஒரே தண்டில் நீண்ட நேரம் நிலைத்து நின்றால் கழித்தது அதிகம். சில்வர் ஓக்குக்கு மர வியாபாரி நல்ல விலை சொல்லும் வருடத்தில் இந்தக் கணக்கு மறந்துபோகிறது. நிழலை விற்ற பணம் கையில் இருக்கும். அடுத்த இரண்டு மூன்று வருடத்தில் வெயில் பட்ட சரிவில் செடிகள் இலை மஞ்சளித்து வாடி நிற்கும்.

அப்படி வாடும் செடியின் தண்டைத் தடவினால் பட்டையின் மேல் விரலுக்குத் தட்டுப்படும் வரம்பு ஒன்று சுற்றி ஓடும். அடியில் புழு போன பாதை அது. மார்ச்சிலும் செப்டம்பரிலும், அதாவது வண்டு வெளியே பறப்பதற்கு முன்பே, நிரை நிரையாக நடந்து இந்தச் செடிகளைத் தேடி, வேரோடு பிடுங்கி எரித்துவிட வேண்டும். எரிக்க முடியாவிட்டால் ஒரு வாரம், பத்து நாள் தண்ணீரில் ஊறப்போடலாம். பிடுங்கிய தண்டை வீட்டுக்குப் பின்னால் விறகாக அடுக்கி வைப்பதுதான் மிக மோசமான காரியம். வண்டு அங்கிருந்தே கிளம்பி நேராகத் தோட்டத்துக்குத் திரும்பும். மிச்சமிருக்கும் நல்ல செடிகளின் தண்டில் தளர்ந்த பட்டையைத் தென்னைநார்க் கையுறையால் தேய்த்து எடுத்துவிட்டால் முட்டையிட இடுக்கு இருக்காது.

ரப்பரில் கத்தி மில்லிமீட்டர் கணக்குக்கு வந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் ரப்பர் என்றால் கன்னியாகுமரி மாவட்டம்தான். நட்டு ஏழு வருடம் வாக்கில், தரையை ஒட்டிய ஒட்டு இணைப்பிலிருந்து 125 சென்டிமீட்டர் உயரத்தில் நாடாவைச் சுற்றி அளப்பார்கள். சுற்றளவு 50 சென்டிமீட்டர் வந்திருக்க வேண்டும். தோட்டத்தில் நூற்றுக்கு எழுபது மரம் அந்த அளவைத் தொட்ட பிறகே வெட்டைத் தொடங்குவது முறை. விலை ஏறிய வருடத்தில் 45இலேயே கத்தி வைக்கிறார்கள். வைத்தால் பால் வரும்தான். ஆனால் மரத்தின் உணவு பாலுக்குப் போய்விடுவதால் பருமன் கூடுவது அதோடு மந்தப்பட்டுவிடும். மெலிந்த மரம் மெலிந்த மரமாகவே நிற்கும்.

பால் குழாய்கள் பட்டைக்குள், கட்டையை ஒட்டிய மெல்லிய உட்பகுதியில்தான் நெருங்கிக் கிடக்கின்றன. அவை நேர்க்குத்தாக ஏறாமல் சற்று வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. அதனால்தான் வெட்டுக்கோடு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து போகிறது. குறுக்கே அதிகக் குழாய்கள் அறுபடும். ஒட்டு மரத்துக்குச் சரிவு 30 பாகை. ஆழம்தான் தொழிலின் உயிர். கட்டைக்கும் பட்டைக்கும் நடுவே உள்ள வளர்படலத்துக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னால் கத்தி நிற்க வேண்டும். அதற்கு மேலோட்டமாகப் போனால் பாதிப் பால் மரத்திலேயே தங்கிவிடும். ஒரு மில்லிமீட்டர் தாண்டினால் படலம் காயப்பட்டு, ஆறும்போது அந்த இடத்தில் முண்டு விழும். தேர்ந்த பால்வெட்டுக்காரர் இதையெல்லாம் விடியலுக்கு முன் தலைவிளக்கு வெளிச்சத்தில், மரத்துக்குச் சில விநாடி என்ற வேகத்தில் செய்கிறார். நேரம் அதுவாக இருப்பதற்குக் காரணம் உண்டு. வெயில் ஏறி இலை நீரை இழக்கத் தொடங்குவதற்கு முன் பட்டைக்குள் அழுத்தம் உச்சத்தில் இருக்கும். அப்போது வெட்டினால் பால் நீண்ட நேரம் ஓடும்.

மேற்பார்வைக்குப் போகிறவர் பார்க்க வேண்டியது சிரட்டையில் நிறைந்த பாலை அல்ல. மரத்தடியில் விழுந்து கிடக்கும் சீவலை. ஒன்றைக் குனிந்து எடுத்து விரலிடையில் பிடித்துப் பார்த்தால் அந்த ஆளின் கை தெரிந்துவிடும். குமரித் தோட்டங்களில் இப்படியொரு பேச்சு அடிக்கடி நடக்கும்:

“அண்ணே, சீவல் தடிச்சிருக்கே. ரெண்டு நாள் சீவ வேண்டியத ஒரே நாள்ல சீவிட்டீங்க.”

“இல்ல தம்பி, நேத்து மழையில வெட்டு விட்டுப்போச்சு. பட்டை காஞ்சிட்டு. கொஞ்சம் தடிச்சு எடுத்தாத்தான் பால் திறக்கும்.”

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் கணக்கு போட்டுப் பார்த்தால் அந்தத் தடிப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பது தெரியும். மரத்தின் பாதிச் சுற்றில் ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டு என்று வைத்துக்கொள்வோம். மழை, இலையுதிர் காலம் எல்லாம் கழித்து வருடத்துக்கு 140 நாள் வெட்டு. ஒவ்வொரு வெட்டிலும் ஒன்றரை மில்லிமீட்டர் பட்டை போனால் வருடத்துக்கு 21 சென்டிமீட்டர். 125 சென்டிமீட்டரில் தொடங்கி, அடியில் பதினைந்தை விட்டுவிட்டால், வெட்டுவதற்கு உள்ளது 110 சென்டிமீட்டர். அது ஐந்து வருடத்துக்கு மேல் வரும். பிறகு மறுபக்கம் இன்னொரு ஐந்து வருடம். அதற்குள் முதல் பக்கத்தில் வெட்டிய இடமெல்லாம் பத்து வயதுள்ள புதுப்பட்டையால் மூடியிருக்கும். அங்கே திரும்ப வெட்டலாம். இப்படி இருபது வருடம் ஓட்டலாம். அதே மரத்தில் வெட்டுக்கு இரண்டரை மில்லிமீட்டர் போனால்? வருடத்துக்கு 35 சென்டிமீட்டர். ஒரு பக்கம் மூன்று வருடத்தில் தீர்ந்தது, இரு பக்கமும் ஆறில். முதல் பக்கத்துக்குத் திரும்பும்போது புதுப்பட்டைக்கு ஆறு வயதுதான். பால் குழாய்கள் போதுமான அளவு உருவாகியிருக்காது. ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் மரத்தின் ஆயுள் பாதியாகிறது. நடுவில் முண்டு விழுந்திருந்தால் அந்தப் பக்கம் கத்தியே ஓடாது. இதற்காகத்தான் வருடத் தொடக்கத்தில் பட்டையில் குறி போட்டு வைப்பது. வெட்டுக்கோடு குறியைத் தாண்டிப்போனால் வருடம் முடியும்வரை காத்திருக்க வேண்டாம், அன்றே பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.

இன்னொரு வீண் ஆசை, நாள்தோறும் வெட்டுவது. இந்திய ரப்பர் ஆராய்ச்சி நிலையத்தின் ஆர்.ஆர்.ஐ.ஐ. 105 ரகம் நம் பகுதியில் எங்கும் பரவியிருக்கிறது, 1980இல் வெளியான ரகம். பால் அதிகம். ஆனால் ஓய்வு கொடுக்காமல் வெட்டினால் பட்டை வறண்டுபோகும் தன்மையும் அதிகம். இதற்கு மூன்று நாளுக்கு ஒருமுறை வெட்டுவதே நல்லது. வறட்சி வருவதற்கு முன் மரம் ஒரு சாடை காட்டும். திடீரென்று பால் தண்ணீராகி, வழக்கத்தைவிட அதிகமாகவும் நீண்ட நேரமும் ஓடும். ஓனருக்குச் சந்தோஷமாக இருக்கும். அடுத்த கட்டத்தில் வெட்டுக்கோட்டில் ஆங்காங்கே பால் கசியாத துண்டுகள் தெரியும்; அப்புறம் கோடு முழுவதும் உலர்ந்துவிடும். பால் தண்ணீராகும்போதே வெட்டை நிறுத்திச் சில மாதம் விட்டால் பல மரங்கள் மீளும். முழுக்கோடும் உலர்ந்த பிறகு அந்தப் பக்கத்தை நம்பிப் பயனில்லை.

ஓய்வு முறையை ஏற்கச் சொன்னால் பால்வெட்டுக்காரர்கள் தயங்குவதில் அர்த்தமிருக்கிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டும்போது ஒருவருக்கு இரண்டு தொகுதி மரம். மூன்று நாளுக்கு ஒருமுறை என்றால் மூன்று தொகுதி கொடுத்தால்தான் தினமும் வேலை இருக்கும். முந்நூறு மரம் வைத்திருக்கும் சிறு விவசாயியிடம் மூன்று தொகுதிக்கு எங்கே போவது? பக்கத்துத் தோட்டக்காரர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரே ஆளை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் தீரும். மரத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசுகிற இடத்தில், எண்ணிக்கையோடு பட்டைக் குறியையும் சேர்த்துப் பேசுவது நல்லது. வேகத்துக்கு மட்டும் கூலி கொடுத்தால் வேகம்தான் கிடைக்கும்.

கடைசி இரண்டு மூன்று வருடத்தில் இந்த விதியெல்லாம் தளரும். மரத்தை வெட்டி மறுநடவு செய்வது உறுதியான பிறகு, பட்டையைச் சேமித்து ஆவது ஒன்றுமில்லை. அப்போது மேலே ஏறி, உயரத்திலுள்ள கன்னிப்பட்டையில் கீழிருந்து மேல்நோக்கி வெட்டுவார்கள், ஊக்கமருந்து பூசுவார்கள், இரண்டு கோடு ஒன்றாகப் போடுவார்கள். குத்தகைக்கு எடுத்தவர் கிடைத்த இடத்திலெல்லாம் கத்தி வைப்பார். அதில் தவறில்லை, மறுநடவு தேதி எழுத்தில் இருக்கும்வரை. தேதி தள்ளிப்போனால் வெட்டித் தீர்த்த மரங்கள் வருமானமும் இல்லாமல், இடத்தையும் விடாமல் நிற்கும். மரம் சாய்த்த பிறகும் ஒரு அவசரம் உண்டு: ரப்பர் தடியில் மாவுச்சத்தும் சர்க்கரையும் அதிகம் என்பதால் சில நாளிலேயே நீலப்பூஞ்சை ஏறிக் கறுத்துவிடும், வண்டும் விழும். ஆகவே அறுப்பு மில்லோடு பேசி, லாரி வரும் நாள் உறுதியான பிறகுதான் மரத்தில் கோடாரி வைக்க வேண்டும்.